முதல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கான காலணி: ஆறு வாரத் தேர்வும் சோதனையும்

நன்கொடை திரட்டுவதற்காக நடத்தப்படும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்ளும் ஒருவர், நிமிடத்துக்குச் சுமார் 160 அடிகள் வைத்து 75 நிமிடங்களில் ஓடி முடிப்பதாக வைத்துக்கொண்டால், அவர் மொத்தம் 12,000 அடிகள் எடுத்து வைக்கிறார். அதாவது ஒவ்வொரு காலும் 6,000 முறை தரையில் விழுந்து எழுகிறது. கடையில் பத்தடி நடந்து பார்க்கும்போது இருப்பதே தெரியாத ஒரு சிறு உரசல், 6,000 முறை அதே இடத்தில் நிகழும்போது கொப்புளமாகிறது. ஓட ஓடப் பாதமும் சற்று வீங்குவதால், தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய காலணி ஆறாவது ஏழாவது கிலோமீட்டரில் இறுக்கமாகிவிடுகிறது. காலணியின் குறை பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் வெளிப்படும் என்பதால், அதை வாங்கும் நாளிலேயே முழுமையாக மதிப்பிட்டுவிட முடியாது. ஓட்ட நாளுக்கு ஆறு வாரங்கள் முன்பே வாங்கி, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்து, குறை தெரிந்தால் மாற்றுவதற்கும் நாள் மிச்சம் வைத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும் முறை.

முதல் படி: பாதத்தை அளந்துகொள்வது

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பாதத்தை அளந்துவிடுங்கள். காலையில் அளப்பதைவிட மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் பாதம் சற்றுப் பெருத்திருக்கும் அந்த நிலை, ஓட்டத்தின் நடுவில் பாதம் இருக்கும் நிலைக்கு நெருக்கமானது. ஓடும்போது அணியப்போகும் காலுறையையே அணிந்துகொண்டு, சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை விரித்து, குதிகால் சுவரில் படும்படி அதன்மீது நில்லுங்கள். உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் உள்ளங்கால் வளைவு தாழாமல் இருப்பதால், கிடைக்கும் நீளம் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். வேறொருவர் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து தந்தால் நீளம், அகலம், விரல்களின் அமைப்பு மூன்றும் ஒரே தாளில் பதிவாகிவிடும். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். எது நீளமோ அதன் நுனியிலிருந்துதான் கணக்கிட வேண்டும். இரண்டு கால்களையும் அளப்பது கட்டாயம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பது என் சக ஊழியர் ஒருவரின் அனுபவத்திலிருந்து விளங்கும். தம் முதல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்காகப் பயிற்சியைத் தொடங்கிய அந்த அம்மையார், ஐந்து கிலோமீட்டர் ஓடிய ஒவ்வொரு முறையும் வலது பெருவிரல் நகத்தில் வலி எடுப்பதாகச் சொல்லிவந்தார். சில நாட்களில் நகத்துக்கடியில் இரத்தம் கட்டி அது கறுத்தும் போனது. அளந்து பார்த்தபோது அவருடைய வலது பாதம் 256 மில்லிமீட்டர், இடது பாதம் 251 மில்லிமீட்டர். பல ஆண்டுகளாக அவர் 6ஆம் அளவுக் காலணியே வாங்கிவந்திருக்கிறார். அந்தக் காலணியின் உள்மெத்தையைக் கழற்றி அளந்தால் 259 மில்லிமீட்டர்தான் இருந்தது. வலது காலுக்கு முன்னால் 3 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே எஞ்சியதால், சரிவில் இறங்கும்போதெல்லாம் விரல் முன்சுவரில் மோதியிருக்கிறது.

ஓட்டக் காலணியில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரலின் அகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர், இடம் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. பிரிட்டிஷ் அளவு முறையிலும் அமெரிக்க அளவு முறையிலும் ஒரு முழு அளவு கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். அரை அளவுக்கு அதில் பாதி. ஐரோப்பிய எண்களில் ஒரு படிக்குச் சுமார் 6.7 மில்லிமீட்டர். இந்தக் கணக்கின்படி அந்த அம்மையார் 6ஆம் அளவிலிருந்து 7ஆம் அளவுக்கு மாறியபோது உள்மெத்தையின் நீளம் ஏறத்தாழ 267 மில்லிமீட்டர் ஆனது. வலது காலுக்கு முன்னால் 11 மில்லிமீட்டர் இடம் கிடைத்தது. ஆனால் இடது காலுக்கு முன்னால் 16 மில்லிமீட்டர் வந்துவிட்டது. பெரிய பாதத்துக்குப் பொருந்தும்படி வாங்குவதுதான் முறை. சிறிய பாதத்துக்கு என்ன செய்வது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 7ஆம் அளவும் இன்னொன்றின் 7ஆம் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளிலும்கூட நீளமும் அகலமும் வேறுபடும்.

இரண்டாம் படி: கடையில் செய்ய வேண்டியவை

கடைக்கும் மாலை நேரத்தில், ஓட்டத்துக்கான காலுறையுடன், முன்பு வரைந்த தாளையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். முதலில் காலணியின் உள்மெத்தையைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மீது நில்லுங்கள். சில வகைகளில் அது ஒட்டப்பட்டிருக்கும்; அவற்றை வற்புறுத்தி இழுக்கக் கூடாது. நீளம் போதுமா என்பதோடு, சுண்டுவிரலோ முன்பாதத்தின் ஓரமோ மெத்தைக்கு வெளியே வழிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அப்படி வழிந்தால் அந்தக் காலணி அகலம் குறைந்தது. இன்னும் நீளமான அளவை எடுப்பது அதற்குத் தீர்வாகாது, அகலமான வடிவத்தைத்தான் கேட்க வேண்டும். பெண்களுக்கான காலணிகள் பொதுவாகச் சற்றுக் குறுகலாக வடிவமைக்கப்படுவதால், அகன்ற பாதமுள்ள பெண்கள் ஆண்களுக்கான வரிசையிலும் தேடிப் பார்ப்பதில் தவறில்லை.

பிறகு இரண்டு காலணிகளையும் அணிந்து லேஸைக் கட்டி, நின்றபடியே சோதியுங்கள். விரல்களை உள்ளே விரித்து அசைக்க முடிய வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி அழுத்தமில்லாமல் பிடிபட்டிருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலெழும்பி வழுகக் கூடாது. காலணியின் மூக்கைத் தரையில் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். விரல் நுனி முன்சுவரைத் தொட்டால், சரிவான பாதையில் என்ன நடக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் அனுமதித்தால் வாசலிலோ நடைவழியிலோ ஓரிரு நிமிடமாவது ஓடிப் பாருங்கள்.

சில கடைகளில் ஓடுபொறியில் ஓடவிட்டுப் படம் பிடித்து, உங்கள் பாதம் உள்நோக்கிச் சாய்கிறது, ஆகவே அதைத் தடுக்கும் கெட்டியான காலணிதான் வேண்டும் என்பார்கள். புதியவர்கள் மிரண்டுபோவது இந்த இடத்தில்தான். பாதம் ஓரளவு உள்நோக்கிச் சாய்வது இயல்பான அசைவு. தரையின் அதிர்வை உடல் வாங்கிக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. 2014இல் வெளியான டேனிஷ் ஆய்வொன்றில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, அவரவர் பாத அமைப்பு எப்படி இருந்தாலும், ஒரே வகைச் சாதாரணக் காலணியைக் கொடுத்து ஓராண்டு கண்காணித்தார்கள். பாதம் உள்நோக்கிச் சாய்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காயமடையவில்லை. ஓட்ட அறிவியல் ஆய்வாளரான பென்னோ நிக் தம் சகாக்களோடு 2015இல் எழுதிய கட்டுரையில், காலணியைத் தேர்ந்தெடுக்க ஓடுபவர் உணரும் வசதியையே முதன்மையான சல்லடையாகக் கொள்ளலாம் என்று முன்வைத்தார். ஏற்கெனவே முழங்காலிலோ பாதத்திலோ தொடர்ந்து வலி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்த பிறகு வாங்குவதே சரி. மற்றவர்கள் மூன்று நான்கு வகைகளை அணிந்து பார்த்து, காலில் இருப்பதே மறந்துபோகும் காலணியை எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் அளவை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குதிகாலுக்கு அடியில் உள்ள உயரத்துக்கும் முன்பாதத்துக்கு அடியில் உள்ள உயரத்துக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதே அது. வழக்கமான பயிற்சிக் காலணிகளில் இது 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரோ, முற்றிலும் சமமானதோ உள்ள வகைகளும் உண்டு. வேறுபாடு குறையக் குறையக் கெண்டைக்கால் தசைக்கும் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாருக்கும் வேலை கூடுகிறது. ஆறு வாரத்தில் அந்தப் பழக்கத்தை உடலுக்கு ஏற்படுத்துவது கடினம் என்பதால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் காலணியின் வேறுபாட்டுக்கு நெருக்கமானதையே வாங்குங்கள். கார்பன் தகடு பதித்த போட்டிக் காலணிகள் முதல் பத்துக் கிலோமீட்டருக்குத் தேவையில்லை. அவை வேகமாக ஓடுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, மெதுவாக ஓடும்போது சிலருக்குத் தள்ளாட்டமாகவும் இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன், திருப்பித் தருவதற்கு எத்தனை நாள் அவகாசம், வெளியில் ஓடிய காலணியை ஏற்பார்களா என்ற இரண்டையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த படியை எவ்வளவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

மூன்றாம் படி: வீட்டுக்குள் ஒரு மணி நேரம்

வாங்கிய மறுநாளே தெருவில் இறங்க வேண்டாம். சுத்தமான தரையில், வீட்டுக்குள்ளேயே, ஒரு மணி நேரம் அணிந்து நடமாடுங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கழற்றியவுடன் காலுறையையும் கழற்றிவிட்டுப் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த தடம் எங்கேனும் இருந்தால், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். அதற்குள் மறைந்துவிடும் தடம் பெரும்பாலும் காலுறையின் மடிப்பு. மறையாமல் எலும்பு துருத்தும் இடத்தில் நிற்கும் தடம் காலணியின் தையலோ விளிம்போ அழுத்துவதன் அடையாளம். கணுக்கால் எலும்புக்குக் கீழே விளிம்பு குத்தினால் ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். தோல் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல இன்றைய ஓட்டக் காலணி பழகுவதில்லை. அதன் நுரைத்தளம் சில ஓட்டங்களில் சற்று இளகும். ஆனால் விளிம்பின் உயரமோ உள்நீளமோ மாறாது. திருப்பித் தர வேண்டியதை இந்தக் கட்டத்திலேயே திருப்பித் தந்துவிடுங்கள்.

நான்காம் படி: தூரத்தைக் கூட்டிச் சோதித்தல்

ஓட்ட நாளுக்கு முந்தைய ஐந்தாம் வாரத்தில் புதிய காலணியுடன் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும், பேச்சுக் கொடுத்தபடி ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். மற்றப் பயிற்சிகளைப் பழைய காலணியிலேயே தொடரலாம். நான்காம் வாரத்தில் பாதிப் பயிற்சிகளைப் புதியதுக்கு மாற்றி, அதில் ஒன்றையாவது ஐந்து கிலோமீட்டர் ஆக்குங்கள். மூன்றாம் வாரத்தில் ஆறரை அல்லது ஏழு கிலோமீட்டர் கொண்ட ஓர் ஓட்டம் இருக்க வேண்டும். இந்த ஓட்டம்தான் தீர்ப்புச் சொல்லும் ஓட்டம். இதில் காலணி தோற்றாலும் வேறொன்றைத் தேடிச் சோதிக்க மூன்று வாரம் கையில் இருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு சிறு குறிப்பேட்டில் தூரம், காலுறை, தொல்லை தொடங்கிய கிலோமீட்டர், பாதத்தில் அதன் இடம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். மிகையான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் வலியின் இடத்தை ஒரு வாரம் கழித்துச் சரியாக நினைவுகூர்பவர்கள் அரிது, இடத்தை வைத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

அந்த அம்மையாரின் குறிப்பேட்டையே எடுத்துக்கொள்வோம். நான்காம் வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடியபோது வலது நகத்தில் வலி இல்லை. ஆனால் இடது குதிகாலின் பின்புறம் மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து எரிந்தது. முன்னால் 16 மில்லிமீட்டர் இடமிருந்த அந்தச் சிறிய பாதம் உள்ளே மேலும் கீழும் வழுகியிருக்கிறது. இதற்கு லேஸ் கட்டும் முறையை இடது காலணியில் மட்டும் மாற்றினோம். பெரும்பாலான ஓட்டக் காலணிகளின் மேற்பகுதியில், கடைசித் துளைக்குச் சற்றுப் பின்னால் தனியாக ஒரு துளை பயன்படாமல் இருக்கும். லேஸை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோகாமல், அதே பக்கத்திலுள்ள அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே செருகினால், வெளியே ஒரு சிறு வளையம் நிற்கும். இரு பக்கமும் இப்படிச் செய்துவிட்டு, ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சிட வேண்டும். முன்பாதத்தை நெருக்காமல் குதிகாலை மட்டும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் கட்டு இது. அடுத்த ஓட்டத்தில் இடது குதிகாலில் எரிச்சல் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஏழு கிலோமீட்டர் ஓடியபோது வேறொன்று தலைகாட்டியது. ஆறாவது கிலோமீட்டரில் வலது புறங்காலில் மரத்துப்போன உணர்வு வந்து, விரல்கள் வரை பரவியது. வலது காலையும் அதேபோல் இறுக்கிக் கட்டினால் இன்னும் உறுதியாக இருக்கும் என்று எண்ணி, அவராகவே அதையும் மாற்றியிருக்கிறார். பாதம் வீங்கியபோது லேஸ் புறங்கால் நரம்புகளின் மேல் அழுந்திவிட்டது. வலது காலில் பழைய கட்டுக்குத் திரும்பி, அழுத்தம் விழுந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் பக்கவாட்டிலேயே ஒரு துளை மேலே ஏற்றினோம். முடிச்சிட்ட பிறகு லேஸுக்கும் காலணியின் நாக்குக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும் என்பதையும் அளவுகோலாக வைத்துக்கொண்டார். ஒரே காலணிதான், இரண்டு காலுக்கும் இரண்டு கட்டு.

மற்ற அடையாளங்களையும் இதேபோல இடத்தை வைத்தே படிக்கலாம். சுண்டுவிரலின் வெளிப்புறத்தில் கொப்புளம் வந்தால் அகலம் போதவில்லை. முன்பாதத்தின் அடியில் கொப்புளம் வந்தால் முதலில் காலுறையைச் சந்தேகியுங்கள்: பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் ஈரத் தோல் எளிதில் உரசிப் புண்ணாகிறது, வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழைக் காலுறைக்கு மாறினாலே பலருக்கு அது நின்றுவிடும். காலுறை மாற்றியும் நிற்கவில்லை என்றால் பாதம் உள்ளே முன்னும் பின்னும் நழுவுகிறது என்று பொருள். கெண்டைக்காலில் முன்பில்லாத இறுக்கம் புதிய காலணி போட்ட நாட்களில் மட்டும் வந்தால், குதிகால் உயர வேறுபாட்டைச் சரிபார்க்க வேண்டும். எலும்பின் ஒரு புள்ளியில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிப்பதோ, ஓடாத நாட்களிலும் நீடிப்பதோ காலணி மாற்றித் தீரும் தொல்லை அல்ல. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஒத்திகை

ஓட்ட நாளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் முன்பு, எட்டுக் கிலோமீட்டர் ஒத்திகை ஒன்று வேண்டும். ஓட்ட நாளன்று அணியப்போகும் அதே காலுறை, அதே கட்டு, முடிந்தால் அதே நேரம், அதே வகைத் தரை. பாதையில் மண்ணோ புல்லோ சரளையோ வருகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, வருமானால் ஒத்திகையிலும் கொஞ்ச தூரம் அப்படிப்பட்ட தரையில் ஓடுங்கள். தார்ச்சாலைக்கான வழவழப்பான அடிப்புறம் ஈரப் புல்லில் வழுக்கும். இத்தகைய ஓட்டங்களில் தொடக்கக் கோட்டருகே வெகுநேரம் கூட்டத்தில் நிற்க நேரிடும் என்பதால், ஓடுவதற்கு முன் அரை மணி நேரமாவது காலணியுடன் நின்று கொண்டிருப்பதையும் ஒத்திகையில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் தரும் இடங்களில் காலணி நனைவதும் வழக்கம். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு முன் காலுறை நனையும்படி முன்பாதத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தால், ஈரத்தில் எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த அம்மையாருக்கு இடது பெருவிரலின் பக்கவாட்டில் சிறு சிவப்பு தென்பட்டது. ஓட்ட நாளன்று அங்கே மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டார்.

ஒத்திகையில் காலணி தேறவில்லை என்றால், இனிப் புதிதாக வாங்கிச் சோதிக்க நேரமில்லை. நுரை முற்றிலும் தட்டையாகிவிடாத, அடிரப்பர் தேய்ந்து நுரை வெளியே தெரியாத பழைய காலணி இருந்தால், அதில் ஓடுவதே பாதுகாப்பானது. ஓட்டக் காலணியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. புதிதாக ஓடத் தொடங்கியவரின் பழைய காலணி அந்த எல்லையை எட்டியிருப்பது அபூர்வம். ஒத்திகையில் தேறிவிட்டால், அதன் பிறகு காலுறை, உள்மெத்தை, கட்டு எதையும் மாற்றக் கூடாது. பதிவுப் பையில் பரிசாகப் புதுக் காலுறை வந்தால் அதை ஓட்டம் முடிந்த பிறகு அணிந்துகொள்ளலாம்.

ஓட்ட நாள் காலையில்

சில ஓட்டங்களில் நேரத்தைப் பதிவுசெய்யும் சில்லு, மார்பில் குத்தும் எண் அட்டையிலேயே இருக்கும். சிலவற்றில் காலணி லேஸில் கோக்கச் சொல்வார்கள். அப்படிக் கோப்பதற்காக லேஸை அவிழ்த்து மறுபடியும் இழுத்துக் கட்டும்போது, வாரக்கணக்கில் சரிபார்த்த இறுக்கம் கலைந்துவிடுகிறது. ஆகவே சில்லை முந்தைய இரவே பொருத்தி, அதனுடன் வீட்டுக்குள் சிறிது நடந்து பாருங்கள். அது புறங்காலின் நடுவில் அழுந்தினால் ஒரு வரிசை கீழே, விரல்களின் பக்கமாக நகர்த்துங்கள். மறுநாள் தொடக்கக் கோட்டுக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பு, நின்று நின்று பாதம் பெருத்திருக்கும் அந்த நிலையில், இரண்டு காலணிகளையும் ஒருமுறை அவிழ்த்து, விரல் நுழையும் அளவு பார்த்து மீண்டும் கட்டி, இரட்டை முடிச்சிட்டு, தொங்கும் முனைகளைக் குறுக்கு லேஸுக்கு அடியில் செருகிவிடுங்கள்.